ஜப்பானியச் சமையல் வீடியோ பார்த்து மொழி பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி படிக்கும் நண்பர்களிடம், நான் தினமும் இரவு சமையல் வீடியோ போட்டுத்தான் காதைப் பழக்கினேன் என்று சொல்லப்போக, அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் இவை. ஹிராகனா படிக்க வரும், ‘மாஸ்’ வடிவத்தில் நாலு வாக்கியம் சொல்ல வரும், ஆனால் ஜப்பானியர் யாராவது வாய் திறந்தால் ஒன்றும் பிடிபடவில்லை என்ற நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

அனிமே பார்த்தா போதாதா? எதுக்கு சமையல் வீடியோ?

அனிமேயில் ஒருவன் மலை உச்சியில் நின்று கத்துவான். அவன் சொன்னதற்கும் திரையில் தெரிவதற்கும் நேரடித் தொடர்பு இருக்காது, சப்டைட்டில் இல்லாவிட்டால் ஊகிக்க வழியே இல்லை. சமையல் வீடியோவில் ‘இரெதெ’ என்று சொல்லும் அதே நொடியில் கை ஒரு பொருளை வாணலியில் போடுகிறது. ஐந்து நிமிடத்தில் அதே சொல் பத்து முறை வரும், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று உள்ளே விழும். ‘இரெதெ’ என்றால் ‘போட்டு’ என்று யாரும் சொல்லித் தரவே வேண்டாம்.

இன்னொன்று, வாக்கியங்களின் நீளம். சமைக்கிறவருக்குக் கையில் வேலை இருப்பதால், ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அதைச் செய்து முடிக்கும்வரை கொஞ்சம் சும்மா இருப்பார். அந்த இடைவெளியில்தான் நம் மண்டை கேட்டதைச் செரிக்கிறது. செய்தியிலோ நாடகத்திலோ அந்த இடைவெளி கிடைக்காது.

ஜப்பானிய மொழி தமிழ் மாதிரியே இருக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

சொற்கள் இல்லை, வாக்கிய அமைப்பு. இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். அதைவிட முக்கியம், நம் வினையெச்சம் செய்கிற வேலையை அங்கே ‘தெ’ வடிவம் செய்கிறது. ‘கித்தெ, இரெதெ, மஸெதெ’ என்றால் ‘நறுக்கி, போட்டு, கலந்து’. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த ‘தெ’யைப் புரிந்துகொள்ள இரண்டு பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு ‘வெங்காயத்தை நறுக்கி, எண்ணெயில் போட்டு, வதக்கி’ என்று அம்மா சொல்வதன் அதே ஓட்டம்தான்.

இதற்கு மேல் ஒரு ஆச்சரியம் இருக்கிறது, துணைவினைகள். ‘ஒகு’ என்ற வினைக்குப் பொருள் ‘வை’. ‘கித்தெ ஒகிமாஸ்’ என்றால் ‘நறுக்கி வைக்கிறோம்’. முன்கூட்டியே செய்து தயாராக வைப்பது என்ற அதே பொருள், அதே வினை. ‘மிரு’ என்றால் ‘பார்’. ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. அது மட்டுமா, ‘அஜி ஒ மிரு’ என்றால் ‘ருசி பார்’! ‘குரு’ என்றால் ‘வா’. கேரட் ‘ஷின்னாரி ஷிதெ கிதரா’ என்று சொன்னால் ‘வதங்கி வந்ததும்’. ‘ஷிமவ்’ வந்தால் பெரும்பாலும் நம் ‘விடு’ போல, ‘செய்து முடித்துவிடு’ என்ற பொருள்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ‘இகு’ என்றால் ‘போ’, அதை வைத்துக்கொண்டு ‘கித்தெ இகிமாஸ்’ என்பதை ‘நறுக்கிப் போகிறேன்’ என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

புத்தகத்துல ‘கிரிமாஸ்’னு இருக்கு, வீடியோல எல்லாரும் ‘கித்தெ இகிமாஸ்’ங்கறாங்க. ஏன்?

நம் ஊர் சமையல் வீடியோவில் ‘இப்ப வெங்காயத்தை நறுக்கிக்கலாம், தக்காளி சேர்த்துக்கலாம், நல்லா வதக்கிக்கலாம்’ என்று எல்லா வினையிலும் ஒரு ‘க்கலாம்’ ஒட்டிக்கொண்டு வருமே, கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, கேமரா முன்னால் வந்தால் மட்டும் அது வந்துவிடும். ஜப்பானிய வீடியோக்களில் அந்த இடத்தில் இருப்பது ‘தெ இகிமாஸ்’. ‘இனி இந்த வேலையை ஆரம்பித்து அப்படியே கொண்டுபோகிறோம், கூடவே வாருங்கள்’ என்பதுதான் அதன் தொனி. மொழிபெயர்க்கச் சொன்னால் ‘நறுக்கிக்கலாம்’ என்றே சொல்வேன்.

ஆகவே ஒரே வேலை மூன்று உருவத்தில் வரும் என்று எதிர்பாருங்கள். வாயால் சொல்லும்போது ‘கித்தெ இகிமாஸ்’ அல்லது ‘கிரிமாஸ்’. கீழே விளக்கப் பகுதியில் எழுதியிருக்கும் செய்முறையில் வெறும் ‘கிரு’. திரையில் பெரிய எழுத்தில் ஓடும் வாசகத்தில் வினையே இருக்காது, ‘கேரட், மெல்லிய நீள நறுக்கு’ என்கிற மாதிரி பெயர்ச்சொல்லோடு நின்றுவிடும். இது தெரியாமல், காதில் கேட்டதைத் திரையில் தேடித் தேடி, நமக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை போல என்று நொந்துபோகிறவர்கள் நிறைய.

எந்த வீடியோவுல ஆரம்பிக்கிறது?

குரல் இருக்கும் வீடியோவில். இது முட்டாள்தனமான பதில் போலத் தோன்றும், ஆனால் ஜப்பானியச் சமையல் வீடியோக்களில் நிறைய, பின்னணி இசையும் எழுத்தும் மட்டும் உள்ளவை. அழகாக இருக்கும், காதுக்கு ஒன்றும் கிடைக்காது.

தேடும்போது பண்டத்தின் பெயரை ஜப்பானிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ‘செய்முறை’ என்பதற்கான சொல்லைச் சேருங்கள்:

```
にんじん きんぴら 作り方
```

ஆங்கிலத்தில் தேடினால் வெளிநாட்டவருக்காக எடுத்த வீடியோக்கள்தான் முதலில் வந்து நிற்கும். மேலே இருப்பது கேரட் கின்பிரா, நம் கேரட் பொரியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பொருள் ஐந்தாறுதான், பெரும்பாலானவை நம் ஊரில் கிடைக்கும், பத்து நிமிட வேலை, சைவம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஓடுகிற வீடியோவாகப் பாருங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கும் ஒரு விஷயம்: பத்துப் பண்டத்துக்குப் பத்து வீடியோ பார்க்காதீர்கள், ஒரே பண்டத்தை மூன்று பேர் செய்வதைப் பாருங்கள். பொருளும் வரிசையும் ஏற்கெனவே தெரிந்திருப்பதால், காது முழுக்க, சொல்லும் விதம் எங்கே மாறுகிறது என்பதில் மட்டும் நிற்கும்.

ஒரு வீடியோவை எடுத்து எப்படிப் பார்க்கணும்னு காட்டுங்களேன்.

சரி, அந்தக் கேரட் கின்பிராவையே எடுத்துக்கொள்வோம். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டே, இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘கேரட்டை நீளமா மெல்லிசா நறுக்கிக்கலாம். வாணலில எண்ணெய் ஊத்தி மிதமான தீயில சூடு பண்ணலாம். கேரட்டைப் போட்டு வதங்கற வரைக்கும் வதக்கலாம். சர்க்கரை, சோயா சாஸ் எல்லாம் சேர்த்து ஈரம் வத்தற வரைக்கும் வதக்கலாம். அடுப்பை அணைச்சு எள்ளு தூவினா ரெடி.’ இந்த ஐந்து வாக்கியம்தான் எலும்புக்கூடு.

இப்போது சத்தத்தோடு. முதல் ஆள் ஏறக்குறைய இப்படிச் சொல்வார்:

நின்ஜின் ஒ ஹொசொகிரி நி ஷிமாஸ்.
ஃபுராய்பான் நி கொமாஅபுரா ஒ இரெதெ, சூபி தெ நெஸ்ஷிமாஸ்.
நின்ஜின் ஒ இரெதெ, ஷின்னாரி சுரு மதெ இதமெமாஸ்.
சதோ, மிரின், ஷோயு ஒ குவஎதெ, ஷிருகெ கா நகுநரு மதெ இதமெமாஸ்.
ஹி ஒ தொமெதெ, கொமா ஒ ஃபுத்தரா கன்செய் தெஸ்.

நீங்கள் சொன்ன தமிழை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் உட்காரும். ‘நின்ஜின் ஒ’ என்பதில் ‘ஒ’ நம் ஐ உருபு, கேரட்டை. ‘ஃபுராய்பான் நி’ வாணலியில். ‘சூபி தெ’ மிதமான தீயில். ‘மதெ’ என்பது ‘வரைக்கும்’. ‘சுரு மதெ’ ஆகிற வரைக்கும், ‘நகுநரு மதெ’ இல்லாமல் போகிற வரைக்கும். கடைசி வரியில் ‘ஃபுத்தரா’ என்பதில் உள்ள ‘தரா’ நம் ‘தூவினால்’ என்பதில் உள்ள ‘ஆல்’. தூவினால் முடிந்தது.

இந்த அளவுக்கு வந்த பிறகு இரண்டாவது ஆளிடம் போங்கள். அவர் ‘ஹொசொகிரி’ என்று சொல்லாமல் ‘செங்கிரி’ என்பார், அது இன்னும் மெல்லிய நறுக்கு. ‘ஷின்னாரி சுரு மதெ’ என்ற இடத்தில் ‘ஷின்னாரி ஷிதெ கிதரா’ என்பார், வதங்கி வந்ததும். சோயா சாஸ், சர்க்கரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல் ‘சோமிர்யோ’ என்று ஒரே சொல்லில் முடிப்பார், சுவைக்காகச் சேர்க்கும் பொருள்கள் என்று அர்த்தம். ஈரம் வற்றுவதற்கு ‘சுய்புன் ஒ தொபாஸு’ என்பார், நீரைப் பறக்க விடுவது! கடைசியில் ‘கன்செய் தெஸ்’ இடத்தில் ‘தெகிஆகரி தெஸ்’. இரண்டு வீடியோ முடிந்ததும் உங்கள் கையில் இருப்பது, ஒரே விஷயத்தைச் சொல்ல இரண்டு இரண்டு வழி. மூன்றாவது ஆள் வரும்போது பெரும்பாலும் புதிதாக இரண்டு மூன்று சொற்கள்தான் இருக்கும், அவற்றையும் கை காட்டிக்கொடுத்துவிடும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். நான் குறைப்பதில்லை. குறைத்தால் ‘இதமெமாஸ்’ என்பதன் கடைசி உகரம் விழுங்கப்படுவது போன்ற இயல்பான விஷயங்கள் காதுக்குப் பழகுவதில்லை. கணினியில் பார்த்தால் இடது அம்புக்குறி ஐந்து நொடி பின்னால் கொண்டுபோகும், ஒரு வாக்கியத்துக்கு அது போதும்.

‘வேகவை’ன்னா ஜப்பானிய மொழியில என்ன?

எதில், எதற்காக என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். இதுதான் சமையல் வீடியோவில் மட்டுமே சரியாகப் பிடிபடுகிற விஷயம், அகராதியில் பார்த்தால் நான்குக்கும் ஒரே அர்த்தம் போட்டிருக்கும்.

நிறைய வெறும் தண்ணீரில் வேகவைத்து, பிறகு தண்ணீரைக் கொட்டிவிடுவது ‘யுதெரு’. முட்டை, நூடுல்ஸ், கீரை எல்லாம் இதில் வரும். சோயா சாஸ், சர்க்கரை போட்ட சுவையான நீரில் வேகவைத்து, அந்தச் சுவை உள்ளே இறங்க விடுவது ‘நிரு’. உருளைக்கிழங்கு, பூசணி, மீன் இதற்கு. அரிசி போல, ஊற்றிய தண்ணீர் முழுவதையும் குடித்து வெந்தால் ‘தகு’. ஆவியில் வேகவைத்தால் ‘முஸு’. இட்லியை ‘முஸு’ என்று சொல்லலாம், ‘யுதெரு’ என்று சொன்னால் இட்லியைத் தண்ணீரில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். (ஒசாகா, கியோத்தோ பக்கத்துக்காரர்கள் காய்கறியைச் சுவைநீரில் வேகவைப்பதற்கும் ‘தகு’ என்பார்கள். அப்படிக் கேட்டால் உங்கள் காதில் கோளாறு இல்லை, பேசுகிறவர் கன்சாய்க்காரர்.)

வேறுபாடு பானையில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது, ஆகவே சொல்லைக் கேட்டதும் தண்ணீர் என்ன ஆகிறது என்று பாருங்கள். கொட்டினாரா, வற்றவிட்டாரா, அரிசி குடித்ததா? ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

தலைகீழான விஷயமும் உண்டு. ‘யகு’ என்ற ஒரே வினைக்கு நமக்கு மூன்று நான்கு வேண்டும். அப்பளம் சுடுவதும், தோசை வார்ப்பதும், மீனை எண்ணெய் தடவிக் கல்லில் வறுப்பதும், ரொட்டியை அடுமனையில் வேகவைப்பதும் எல்லாம் ‘யகு’. எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மட்டும் ‘அகெரு’. கிளறிக் கிளறி வதக்கினால் ‘இதமெரு’.

‘ஹிதொநிதச்சி’ என்று ஒன்று வரும், ‘ஒரு கொதி’. ‘ஒரு கொதி வந்ததும் இறக்கிடு’ என்று நாம் சொல்கிற அதே ஒரு கொதி. இதைக் கேட்ட அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சொற்களைத் தமிழ் எழுத்துல எழுதி வச்சுக்கலாமா?

கூடாது. நான் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதே வேறு வழியில்லாமல்தான். தமிழில் ககரம் ஒன்று, தகரம் ஒன்று, இடத்தைப் பொறுத்து நாமே வல்லோசை மெல்லோசை மாற்றிப் படித்துக்கொள்கிறோம். ஜப்பானிய மொழியில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள்.

சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. முட்டையை அடித்துக் கலக்குவதற்கு ஒரு வினை, அரிசி களைவதற்கு ஒரு வினை. தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘தொகு’ என்றுதான் எழுத முடியும். முட்டைக்குரியது ‘பாக்கு’ என்பதில் வரும் ககரத்தைப் போல வல்லோசை, ஆனால் இரட்டிக்காது. அரிசிக்குரியது ‘பாகு’ என்பதில் வரும் மெல்லோசை. நோட்டில் ‘தொகு’ என்று எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அரிசியா முட்டையா என்று தெரியாது. ‘தெ’ வடிவத்தில் இது ‘தொஇதெ’ என்றாகி ககரமே மறைந்துவிடும், அங்கே வேறுபாடு கடைசித் தகரத்துக்குப் போய்விடும்: முட்டைக்கு வல்லோசை, அரிசிக்கு மெல்லோசை. திரும்பவும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத வரும்.

ஹிராகனாவில் எழுதுங்கள். அடிப்படை எழுத்து 46தான், இரண்டு மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும். மெல்லோசைக்கு மேலே இரண்டு சிறு கோடு போட்டால் ஆயிற்று.

தமிழருக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. ‘கிரு’ என்ற நறுக்கும் வினை, ‘ஹொசொகிரி’ என்று கூட்டுச்சொல்லில் பின்னால் வரும்போது ஜப்பானியர்களே அந்தக் ககரத்தை மெல்லோசையாக்கிவிடுவார்கள். நாம் எப்படியும் அப்படித்தான் படிக்கப் போகிறோம். ‘ஹி’ என்ற தீ, ‘சூபி’ (மிதமான தீ), ‘யொவபி’ (சிறு தீ), ‘த்ஸுயொபி’ (பெரிய தீ) என்று வரும்போது ‘பி’ ஆவதும் அதே பழக்கம்தான்.

தானாக வர்ற சப்டைட்டிலை நம்பலாமா?

ஹிராகனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம்பலாம், காஞ்சி எழுத்துக்கு நம்ப வேண்டாம். ஜப்பானிய மொழியில் ஒரே ஒலியில் பல சொற்கள் உண்டு, தானியங்கி கேட்டு எழுதும்போது தவறான எழுத்தைப் போட்டுவிடும். சமையலில் மாட்டிக்கொள்கிற இரண்டு இவை:

```
炒める (வதக்கு)      痛める (காயப்படுத்து)
煮る   (வேகவை)      似る   (ஒத்திரு)
```

முதல் ஜோடி இரண்டுமே ‘இதமெரு’. வெங்காயத்தைக் காயப்படுத்துங்கள் என்று சப்டைட்டில் சொன்னால் நீங்களாகவே வாணலியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். அதை அப்படியே ஒட்டி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்த பதிலை மனப்பாடம் செய்கிறவர்களுக்குத்தான் பிரச்சினை. வீடியோவின் விளக்கப் பகுதியில் சமைத்தவரே எழுதிய செய்முறை இருந்தால் அதைப் பாருங்கள், அதில் இந்தத் தவறு இருக்காது.

அளவு சொல்றது புரியவே மாட்டேங்குது.

எண்ணும் அளவுப் பெயரும் வேகமாக ஒட்டி வருவதால் அப்படி. உண்மையில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ‘ஓசாஜி’ பெரிய கரண்டி, 15 மி.லி. ‘கொசாஜி’ சிறிய கரண்டி, 5 மி.லி. ஒரு கப் என்றால் 200 மி.லி. அரிசிக்கு மட்டும் ‘கோ’ என்று தனி அளவு, அது 180 மி.லி. திரையில் இப்படி வரும்:

```
大さじ1   小さじ1
```

ஓசாஜிக்கும் கொசாஜிக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் என்பதால், சோயா சாஸ் விஷயத்தில் இதைத் தவறாகக் கேட்டால் பண்டம் உப்புக் கரிக்கும்.

அப்புறம் நான்கு சொற்கள். ‘ஷோஷோ’ என்றால் இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகை. ‘ஹிதொத்ஸுமமி’ மூன்று விரலால் எடுப்பது, கொஞ்சம் கூடுதல். இதுவரை பரவாயில்லை. ‘தெகிர்யோ’, ‘தெகிகி’ என்ற இரண்டையும்தான் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது ‘தேவையான அளவு’, கட்டாயம் போட வேண்டும். இரண்டாவது, வேண்டுமானால் போடலாம், விட்டாலும் குற்றமில்லை. பேச்சில் இந்த இரண்டாவது இடத்தில் பெரும்பாலும் ‘ஒகொநொமி தெ’, உங்கள் விருப்பம் போல, என்றே சொல்வார்கள்.

குத்ஸு குத்ஸு, பரா பரா இதெல்லாம் படிக்கணுமா?

கட்டாயம், ஏனென்றால் பதம் முழுக்க இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. இரட்டைக்கிளவி வைத்திருக்கும் நமக்கு இது விருந்து. ‘குத்ஸு குத்ஸு’ என்றால் குழம்பு தளதளவென்று கொதிப்பது, ‘கொதொ கொதொ’ அதைவிட அடக்கமாக, சிறு தீயில். ‘பரா பரா’ சோறு பொலபொலவென்று உதிர்வது. ‘நெபா நெபா’ வெண்டைக்காயின் கொழகொழப்பு, வெண்டைக்காயை அவர்களும் சாப்பிடுகிறார்கள், அந்தக் கொழகொழப்புக்காகவே சாப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நம் மொறுமொறுப்பு அங்கே இரண்டாகப் பிரிகிறது: கடித்தால் கடினமாக நொறுங்குவது ‘கரி கரி’, லேசாக உதிர்ந்துபோவது ‘சகு சகு’.

இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சொல் வரும் நொடியில் வீடியோவை நிறுத்தி, அங்கே தமிழில் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். அது போதும்.

புரிஞ்சுதா, புரிஞ்ச மாதிரி இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டுச் சமையுங்கள். கண் உதவிக்கு வராதபோதுதான் காது எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பது தெரியும். ஏற்கெனவே மூன்று பேரிடம் பார்த்த பண்டத்தை, நான்காவது ஆளின் குரலில் செய்து பாருங்கள்.

நான் முதன்முதலில் அப்படிச் செய்தபோது உருளைக்கிழங்கு. ‘ஃபுதா ஒ ஷி...’ என்று காதில் விழுந்ததும் ‘மூடி போட்டு’ என்று நானே முடித்துக்கொண்டு, மூடியை எடுத்து டக்கென்று மூடிவிட்டேன். அவர் சொன்னது ‘ஃபுதா ஒ ஷினய்தெ’, மூடி போடாமல். சாறு வற்றாமல் உருளைக்கிழங்கு குழைந்து கூழாகிவிட்டது. தமிழிலும் ‘போட்டு’, ‘போடாமல்’ என்று எதிர்மறை வினையின் வாலில்தானே வருகிறது, அம்மா சொன்னால் வால் வரை கேட்கிறோம், வேற்று மொழியில் மட்டும் பாதி கேட்டதும் பாய்ந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு ‘நய்தெ’, ‘நய் யோ நி’ இரண்டையும் தேடிப் பிடிப்பதே வேலையாக வைத்துக்கொண்டேன். ‘கொகெநய் யோ நி’ என்றால் கருகிவிடாதபடி, இது ஏறக்குறைய எல்லா வீடியோவிலும் வரும்.

இன்னொரு பொறி, தெரிந்த வினை வேறு வேலை செய்வது. ‘மிஸுகெ ஒ கிரு’ என்று கேட்டால் கத்தியை எடுக்காதீர்கள், நீரை வடிப்பது என்று பொருள். நூடுல்ஸ் வெந்ததும் வெந்நீரை வடிப்பதற்கும் அதே ‘கிரு’தான். ‘ஹி ஒ தோஸு’ என்றால் தீயைக் கடத்துவது, அதாவது உள்ளே வரை வேகவைப்பது. கோழிக்கறி வீடியோவில் இதைத் தவறவிடாதீர்கள்.

மிரின் கிடைக்கலை, கொமாஅபுராவுக்கு நல்லெண்ணெய் ஊத்தலாமா?

மொழி பழகுவதற்கு எதை ஊற்றினாலும் சரிதான். ஆனால் அவர்களுடைய எள்ளெண்ணெய் எள்ளை வறுத்து ஆட்டியது, பழுப்பாக, வாசனை தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது, கடைசியில் வறுத்த எள்ளைக் கொஞ்சம் கூடத் தூவிச் சமாளிக்கலாம். மிரின் இனிப்பான அரிசி மது, அதற்குப் பதில் கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும். சோயா சாஸ் கருப்பாகக் கெட்டியாக இருக்கும் சீன வகையாக இருந்தால் பாதி அளவில் ஆரம்பியுங்கள்.

இதை வச்சே பேசவும் வந்துடுமா? ஜேஎல்பிடிக்கு உதவுமா?

தேர்வுக்கு ‘தெ’ வடிவமும் கேட்கும் பகுதியும் கொஞ்சம் தெம்பாகும், அவ்வளவுதான். ‘யுதெரு’ போன்ற சொற்களுக்கு ஆரம்ப நிலைத் தாளில் வேலையே இருக்காது, ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வும் கிடையாது.

பேச்சு விஷயத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்த வீடியோக்களில் பேசுவது ஒரே ஆள், யாரும் கேள்வி கேட்பதில்லை, யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் அடுப்படியில் போய் நின்றுகொண்டு ‘நின்ஜின் ஒ கித்தெ இகிமாஸ்’ என்று சொன்னீர்களானால், கேமரா எங்கே என்று தேடுவார்கள். அங்கே நிஜமாகப் பேசுவது வெறும் ‘தெ’யோடு நிற்கும். ‘ஸொரெ தொத்தெ’ என்றால் ‘அதை எடு’. ‘மஸெதெ’ என்றால் ‘கலக்கு’. நாம் வினையெச்சமாகப் பழகிய அதே ‘தெ’, வாக்கியத்தின் கடைசியில் தனியாக நின்றால் நெருக்கமானவர்களிடம் சொல்கிற ஏவல். தமிழில் ‘கலந்து’ என்று சொல்லி நிறுத்தினால் அடுத்து என்ன என்று எதிரே இருப்பவர் காத்திருப்பார், அங்கே கரண்டியைக் கையில் எடுத்துவிடுவார். தமிழ்க் காதுக்கு இதுதான் கடைசி வரை இடறுகிற இடம்.

இதற்கு, இரண்டு பேர் சேர்ந்து சமைக்கிற வீடியோவாகத் தேடிப் பாருங்கள், பாட்டியும் பேத்தியும், அப்பாவும் சின்னப் பையனும் என்று நிறைய இருக்கின்றன. ‘ஒயகொ தெ த்ஸுகுரு’ என்று, அதாவது பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்வது என்று, இப்படித் தேடலாம்:

```
親子で作る 料理
```

எடிட்டிங் சுமாராக இருக்கும், பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும், பையன் மாவைக் கீழே கொட்டுவான், ‘சிகாவ் சிகாவ்’ என்று அப்பா பதறுவார். ‘அப்படி இல்லடா’ என்று அர்த்தம்.